மூன்று துறைக்கும் ஒரே எண்

ஒரு பெரிய நூற்பாலைக்கு, காற்றுத் தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஎஃப்டி கம்ப்ரசர் விற்கும் பேச்சு என் கைக்கு வந்தபோது நின்றுபோயிருந்தது. பராமரிப்புக்கு ஒரு சேமிப்புக் கணக்கு, நிதிப் பிரிவுக்கு வேறொன்று போயிருந்தது. ஒப்பிட்டதும் நம்பிக்கை விட்டுப்போயிற்று.

பராமரிப்பு மேலாளரோடு நின்று பழைய கம்ப்ரசரின் மீட்டரைப் பார்த்தேன். ஓடிய நேரத்தில், காற்று தந்த லோடு நேரத்தைக் கழித்தால், ஆண்டுக்கு 3,000 மணி நேரம் காற்றே தராமல் ஓட்டம். அப்போதும் 20 கிலோவாட் இழுக்கிறது. ஆக 60,000 யூனிட். அவரே அதை ஒப்புக்கொண்டார்.

மூன்று துறைக்கும் தனித்தனிக் கடிதம். முதல் வரி எல்லாவற்றிலும் இந்த 60,000. முழுவதும் மிச்சமாகாது என்பதும் கூடவே. அடுத்ததுதான் மாறும்: பராமரிப்புக்கு அழுத்தம் ஏறி இறங்காதது, நிதிக்கு யூனிட் 8 ரூபாய் வீதம் வீணாகும் 4.8 லட்சம், கொள்முதலுக்கு உதிரிபாக விலை.

நிதி அதிகாரி பராமரிப்பைக் கூப்பிட்டுக் கேட்டார். எண் ஒத்துப்போனது, விலைப் பேச்சு தொடங்கியது.