தகைவிலானா, உழவாரனா, மார்ட்டினா? கண்மாய்ப் படம் ஒன்றை வைத்துப் பிரித்தறியும் முறை

குளிர்காலத்தில் கண்மாய்க் கரையில் நின்று எடுத்த படங்களைக் கணினியில் திறந்தால், தண்ணீருக்கு மேலே கறுப்பாகச் சிதறிக் கிடக்கும் சிறு பறவைகள்தாம் தொடக்கநிலைப் பறவை நோக்கர்களை அதிகம் திணறடிக்கின்றன. பெரும்பாலானோர் முதலில் வாலைப் பார்க்கிறார்கள். வால் பிளந்திருந்தால் தகைவிலான், இல்லாவிட்டால் வேறு ஏதோ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தப் பறவைகளைப் பொறுத்தவரை வால்தான் மிக எளிதில் ஏமாற்றும் உறுப்பு. ஆகவே உட்காரும் விதம், இறக்கையின் அமைப்பு, உடலின் நிறத்திட்டுகள், கடைசியாக வால் என்ற வரிசையில் படத்தைப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் தமிழகச் சமவெளியின் ஏரி, கண்மாய்களைச் சேர்ந்தவை.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெயர்கள் மூன்றாக இருந்தாலும் நாம் பிரிக்க வேண்டிய குடும்பங்கள் இரண்டுதான். தகைவிலான்களும் மார்ட்டின்களும் ஒரே குடும்பத்துப் பறவைகள்; அக்குடும்பத்தில் வால் குட்டையாகவும் நுனி ஏறத்தாழ நேராகவும் உள்ள சிலவற்றை ஆங்கிலத்தில் மார்ட்டின் என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். உழவாரன்கள் இவற்றுக்கு உறவே அல்ல. அவற்றின் நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஓசனிச்சிட்டுகள். பறந்தபடியே பூச்சி பிடிக்கும் ஒரே தொழிலைச் செய்வதால்தான் இரண்டு குடும்பங்களும் தோற்றத்தில் ஒத்துப்போகின்றன. எனவே முதல் கேள்வி எப்போதும் ‘உழவாரனா, இல்லையா’ என்பதாகவே இருக்கட்டும். மார்ட்டினா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

படி 1: கம்பியில் உட்கார்ந்திருக்கிறதா?

படத்தில் பறவை மின்கம்பியில் அமர்ந்திருந்தால் உழவாரனை உடனே நீக்கிவிடலாம். உழவாரனின் கால்கள் மிகக் குட்டையானவை; விரல்கள் கூர்நகங்களுடன் சுவர், பாறை, பனையோலை போன்ற செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்குவதற்கென்றே அமைந்தவை. மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாகக் கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் கால் தகைவிலானுக்கு உண்டு, உழவாரனுக்கு இல்லை. கொண்டை உழவாரன் மட்டும் இலையற்ற மரக்கிளைகளில் நிமிர்ந்து அமரும். ஆனால் அது வேறொரு குடும்பம், தலையில் கொண்டையும் இருக்கும்.

கம்பியில் இருப்பதாலேயே அது தகைவிலான் ஆகிவிடாது. வெளிச்சத்துக்கு எதிராக எடுத்த படத்தில் கரிச்சானும் பஞ்சுருட்டானும் இதே போல நிழலுருவாகத் தெரியும். கரிச்சானுக்கு அலகு தடித்து, உடல் நீண்டிருக்கும். பஞ்சுருட்டானின் அலகு நீண்டு சற்றே வளைந்திருப்பதோடு, வாலிலிருந்து நீளும் ஊசி இறகுகள் நடுவில் இருக்கும். தகைவிலானுக்கு நீளும் இறகுகள் வாலின் இரு ஓரங்களில் இருக்கும். ஆஷி வுட்ஸ்வாலோ என்ற சாம்பல் நிறப் பறவையும் கம்பியில் ஒன்றோடொன்று நெருக்கியடித்து உட்காரும். அதன் அலகு நீலச்சாம்பல் நிறத்தில் நன்கு பருத்திருப்பதைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். தகைவிலானின் அலகோ படத்தைப் பெரிதாக்கினாலும் ஒரு சிறு கறுப்பு முனையாகத்தான் தெரியும்.

படி 2: இறக்கை எங்கே மடிகிறது?

பறக்கும் பறவைகளுக்கு இதுவே முதன்மையான சோதனை. மற்ற எல்லாவற்றையும்விட இதை நான் நம்புகிறேன். இறக்கைகள் இரண்டும் விரிந்து, பறவையை நேர் கீழிருந்தோ நேர் மேலிருந்தோ காட்டும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டில் தெரியும் பறவையை இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம், ஏனெனில் அந்தக் கோணத்தில் எந்த இறக்கையும் ஒடுங்கித் தெரியும். பிறகு உடலோடு இறக்கை சேரும் இடத்தில் தொடங்கி அதன் முன்விளிம்பைக் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள்.

தகைவிலானின் முன்விளிம்பு முதலில் உடலைவிட்டு வெளிப்புறமாகவும் சற்று முன்னோக்கியும் போய், மணிக்கட்டில் தெளிவாக மடிந்து, பின் நுனியை நோக்கித் திரும்பும். மடிப்புக்கும் உடலுக்கும் இடையே போதிய தூரம் இருக்கும். உடலை ஒட்டிய பகுதியில் இறக்கை அகலமாக இருப்பதால் மொத்த வடிவம் ஒரு முக்கோணத்தை நெருங்கும். உழவாரனின் மேற்கை எலும்பு மிகக் குட்டை, மணிக்கட்டுக்கு அப்பாலுள்ள பகுதியோ மிக நீளம். அதனால் மடிப்பு உடலை ஒட்டியே விழுந்துவிடுகிறது. அதற்கப்பால் நுனிவரை ஒரே சீரான வளைவு, கதிர் அரிவாளின் அலகைப் போல. அகலமும் அடிமுதல் நுனிவரை ஒடுங்கியே இருக்கும்.

தொடர்ச்சியாகச் சுட்ட படங்கள் இருந்தால் இன்னொரு தடயமும் கிடைக்கும். தகைவிலான் இறக்கையை அடித்தபின் பாதி மடக்கி உடலை நோக்கிப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே சில படங்களில் இறக்கை நன்றாக விரிந்தும், சிலவற்றில் மடங்கியும் இருக்கும். உழவாரனின் இறக்கை எல்லாப் படங்களிலும் விறைப்பாக நீண்டே நிற்கும். பறந்தபடியே தாழ்ந்து வந்து தண்ணீர் குடிப்பதை மட்டும் தடயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதை இரண்டு குடும்பங்களும் செய்கின்றன.

படி 3: இருளை விலக்கி நிறத்திட்டுகளைத் தேடுதல்

பளிச்சென்ற வானத்துக்கு எதிரே எல்லாப் பறவைகளும் கறுப்பாகத்தான் பதிவாகும். அந்தக் கறுப்பை நிறமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தைத் திருத்தும் மென்பொருளில் நிழற்பகுதியின் வெளிச்சத்தை உயர்த்துங்கள். அடுத்த முறை படம் எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு தொண்டை, வயிறு, வாலடி, முதுகின் கீழ்ப்பகுதியான பிட்டம் ஆகிய நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்.

பொதுவாகத் தகைவிலான் என்றே அழைக்கப்படும் பார்ன் ஸ்வாலோவுக்குத் தொண்டையும் நெற்றியும் செம்பழுப்பு, தொண்டைக்குக் கீழே கரும்பட்டை, வயிறு வெளிர். செம்பிட்டத் தகைவிலானுக்கு மார்பிலும் வயிற்றிலும் மெல்லிய கோடுகள் ஓடும். பிட்டம் செம்மஞ்சளாக இருக்கும். வாலடி கறுப்பாக இருப்பதால், வால் முழுவதையும் மையில் தோய்த்தெடுத்தது போன்று வெளிர்வயிற்றிலிருந்து பட்டென்று பிரிந்து தெரியும். கம்பிவால் தகைவிலானுக்கு உச்சந்தலை செம்பழுப்பு, தொண்டை முதல் வயிறு வரை பட்டை ஏதுமில்லாத தூய வெள்ளை.

பிட்டத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் சற்று நிதானிக்க வேண்டும். நகரங்களிலும் கோயில் கோபுரங்களிலும் கூட்டமாக வாழும் நாட்டு உழவாரனுக்கு வெள்ளைப் பிட்டம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் குளிர்காலத்தில் காணக்கூடிய ஹவுஸ் மார்ட்டினுக்கும் உண்டு. வயிற்றைப் பார்த்தால் ஐயம் நீங்கும். மார்ட்டினுக்கு அடிப்பகுதி முழுவதும் வெள்ளை. நாட்டு உழவாரனுக்கு அடிப்பகுதியில் தொண்டை மட்டுமே வெள்ளை, மற்றதெல்லாம் கரி நிறம்.

பாறைக் குன்றுகள், கோட்டைச் சுவர்கள், உயரமான கட்டடங்கள் அருகில் எடுத்த படத்தில் உடல் முழுக்கப் புகைப்பழுப்பாக, எங்கும் வெள்ளைத் திட்டு இல்லாமல், அகன்ற இறக்கையுடன் ஒரு பறவை இருந்தால் அது டஸ்கி கிராக் மார்ட்டினாக இருக்க வாய்ப்பு மிகுதி. சமவெளித் தமிழகத்தில் நாம் எளிதில் சந்திக்கக்கூடிய மார்ட்டின் இதுதான்.

படி 4: இப்போது வால்

வாலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணங்கள் உண்டு. வடக்கிலிருந்து வலசை வரும் தகைவிலான்கள் இறகு உதிர்த்துப் புதுப்பிப்பது இங்கே தங்கும் குளிர்காலத்தில்தான். ஆகவே டிசம்பர், சனவரி மாதப் படங்களில் பல பறவைகளுக்கு நீண்ட வாலிழைகள் இருக்காது, அல்லது பாதிதான் வளர்ந்திருக்கும். இளம் பறவைகளுக்கு அவை இயல்பிலேயே குட்டை. மறுபக்கம், பனை உழவாரனுக்கு வால் ஆழமாகப் பிளந்திருக்கிறது. ஆனால் நேராகப் பறக்கும்போது அதை மூடி ஒற்றை ஊசியாக வைத்துக்கொண்டு, திரும்பும்போது மட்டும் திறக்கும். வாலை மட்டும் பார்ப்பவர் இழை இழந்த தகைவிலானை மார்ட்டின் என்றும், வால் திறந்த பனை உழவாரனைத் தகைவிலான் என்றும் எழுதிவிடுவார்.

வால் உண்மையில் உதவுவது, பறவை திரும்பும் கணத்தில் அது விசிறியாக விரியும்போது. பார்ன் ஸ்வாலோவின் விரிந்த வாலில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாகத் தெரியும். கிராக் மார்ட்டினுக்கும் அத்தகைய புள்ளிகள் உண்டு, ஆனால் வால்நுனி நேராக இருக்கும். உழவாரன் வாலில் புள்ளிகளே இருக்காது.

ஒரு படத்தை முழுமையாகப் படிப்போம்

மதுரைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் சனவரி மாதக் காலையில் எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். கரையில் பனைமரங்கள், குறுக்கே மின்கம்பி, கம்பியில் பறவைகள் வரிசையாக இருக்கின்றன, தண்ணீருக்கு மேலே வேறு சில பறக்கின்றன. எல்லாமே இருட்டாக இருக்கின்றன.

கம்பியில் இருப்பவை உழவாரன் அல்ல. அலகு சிறு முனையாக இருப்பதால் கரிச்சானும் பஞ்சுருட்டானும் விலகிவிட்டன. நிழலை உயர்த்தியதும் ஒன்றின் தொண்டையில் செம்பழுப்பும் அதன்கீழ்க் கரும்பட்டையும் வெளிப்படுகின்றன: தகைவிலான். பக்கத்தில் இருப்பதற்கு வாலிழைகள் இல்லை, தொண்டையும் வெளிறியிருக்கிறது, ஆனால் மார்புப் பட்டை மங்கலாக இருக்கிறது. வால் குட்டை என்பதால் இதை மார்ட்டின் என்று எழுதத் தோன்றும். பட்டை இருப்பதாலும், முதுகில் நீலப் பளபளப்பு தெரிவதாலும், இது அதே இனத்தின் இளம் பறவை என்று கொள்வதே சரி.

பறப்பவற்றில் தாழப் பறக்கும் ஒன்றின் இறக்கை நடுவில் மடிந்து அகன்றிருக்கிறது. வாலடி கறுப்பு, வயிறு வெளிர். அது செம்பிட்டத் தகைவிலான். பனைகளின் உச்சிக்கு அருகே உள்ள இரண்டு பறவைகளின் இறக்கைகள் உடலருகிலிருந்தே வளைந்து ஒடுங்கியுள்ளன, அவற்றின் நிறம் திட்டு ஏதுமற்ற சாம்பல் பழுப்பு. ஒன்றின் வால் ஊசியாகவும் மற்றொன்றின் வால் கவையாகவும் இருப்பதால் இரண்டு வகை என்று நினைக்க வேண்டாம். இரண்டும் பனை உழவாரன்களே.

படத்தின் மூலையில் ஒரு பறவை பக்கவாட்டில் தெரிகிறது. அதன் இறக்கை ஒரு கோடாக ஒடுங்கிவிட்டது, வயிறு நிழலில் இருக்கிறது. கண்மாயில் தகைவிலான்கள் நிறைய இருந்தன என்பதற்காக இதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல. அடுத்தடுத்த படங்களில் அதே பறவை திரும்பும் கோணம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். மடிப்பு தெரிந்து குடும்பம் மட்டும் உறுதியானால் பறவைப் பதிவுத் தளமான இபேர்டின் பட்டியலில், தகைவிலான் குடும்பமாக இருந்தால் swallow sp. என்றும் உழவாரன் குடும்பமாக இருந்தால் swift sp. என்றும் பதியலாம். மடிப்பே தெரியாவிட்டால் அந்தப் பறவையைப் பெயரிடாமல் விட்டுவிடுங்கள்.