ஒரே சாக்கெட்டில் கன்சோல், டிவி, சவுண்ட்பார்: போர்டு தேர்வும் வயர் இழுப்பும்

டிவி மாட்டிய சுவரில் பெரும்பாலும் ஒரே ஒரு 6 ஆம்பியர் சாக்கெட்தான் இருக்கும். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் கரண்ட் எடுக்கலாம். ஆனால் போர்டை வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கணக்கு

ஒவ்வொரு கருவியின் பின்புறமும் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் அளவு இருக்கும். உதாரணமாக, முதலில் வந்த பிஎஸ்5-இன் லேபிளில் 350 வாட். டிவியில் 170, சவுண்ட்பாரில் 50, அதோடு வரும் சப்வூஃபரில் 40 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 610 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 2.7 ஆம்பியர். சாயங்காலத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் ஊர்களில் இந்தக் கருவிகள் அதே வாட்டை எடுக்கக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அப்போதும் 3.4 தான். 6 ஆம்பியர் போர்டு தாராளமாகப் போதும்.

காலியாக இருக்கும் ஓட்டைதான் ஆபத்து. அயர்ன் பாக்ஸ் 1000 வாட், ரூம் ஹீட்டர் 2000 வாட். டிவி போர்டில் இவற்றைச் செருகவே கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஓட்டைகளை எண்ணுங்கள். வயர்லெஸ் சப்வூஃபர் என்றாலும் அதற்கும் தனி பிளக் வேண்டும். செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டரும் சேர்ந்தால் ஆறு ஆகிவிடும். நான்கு ஓட்டைப் போர்டை வாங்கிவிட்டு, அதில் இன்னொரு போர்டைச் செருகுவதுதான் பலரும் செய்வது. அது வேண்டாம், எல்லாக் கரண்டும் முதல் போர்டின் ஒற்றை வயர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

வயரைக் கையில் எடுத்து, அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். குறைந்தது 0.75 சதுர மில்லிமீட்டர்; 1 சதுர மி.மீ. கிடைத்தால் அதையே எடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். எதுவுமே அச்சிடாத மெல்லிய வயர் என்றால், போர்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓவர்லோடு ஆனால் தானாக ஆஃப் ஆகும் சின்ன பட்டனோ ஃபியூஸோ உள்ளதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பிடிமானம். ஒரு பிளக்கைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். லூசாக ஆடினால் உள்ளே பித்தளைத் தகடு சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். மேலோட்டமாகத் தொடும் இடத்தில்தான் சூடு கிளம்பும், போர்டுகள் கருகுவதும் அங்கேதான். எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் யுனிவர்சல் ஓட்டைகளில் இந்தத் தொல்லை அதிகம். நம் ஊர் உருண்டைப் பின்னுக்கே செய்த ஓட்டை உள்ளதைத் தேடி எடுங்கள்.

எர்த்

மின்னல், வோல்டேஜ் துள்ளலிலிருந்து காக்கும் ஸ்பைக் கார்டு வாங்குகிறீர்களா? சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லை என்றால் அது பாதி வேலைதான் செய்யும். சாதாரண டெஸ்டரை எர்த் ஓட்டையில் விட்டால் எதுவும் தெரியாது. மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டரைச் செருகினால், எர்த் வயர் இணைந்திருக்கிறதா என்பது தெரியும். அந்த எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை எலெக்ட்ரீஷியன் அளந்துதான் சொல்ல முடியும்.

வயர் இழுக்கும் முறை

போர்டைத் தரையில் போடாதீர்கள். வீடு துடைக்கும் தண்ணீர் உள்ளே போய்விடும். டிவி ஸ்டாண்டின் பின்பலகையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், திருகு போட்டு மாட்டுங்கள். கன்சோலின் சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

பவர் வயர்களை ஒரு ஓரமாகவும், எச்டிஎம்ஐ கேபிள்களை மறு ஓரமாகவும் இறக்குங்கள். ஒன்றையொன்று தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும். மிச்ச வயரை இறுக்கமாகச் சுருட்டி டேப் ஒட்டாதீர்கள், சூடு வெளியேறாது. பெரிய வளைவுகளாகத் தளர விட்டு, துணிப் பட்டையால் கட்டினால் போதும். மிதியடிக்கு அடியில் ஓட்டவும் கூடாது; மிதிபட்டு உள்ளே அறுந்தாலும் வெளியே தெரியாது.

சுவரில் மாட்டிய டிவிக்கு வயர் தெரியக் கூடாது என்றால் பிளாஸ்டிக் கேஸிங் ஒட்டி அதற்குள் விடுங்கள். சுவரைக் கொத்தி டிவியின் பவர் வயரையே உள்ளே புதைத்துப் பூசுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த வயர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எலெக்ட்ரீஷியனை வைத்துப் பைப் போட்டு, டிவிக்குப் பின்னால் தனி சாக்கெட் எடுப்பதுதான் சரி.

கடைசியாக, தொட்டுப் பார்ப்பது

ஒரு மணி நேரம் கேம் ஓடட்டும். பிறகு சுவர் பிளக்கையும் போர்டின் ஒவ்வொரு பிளக்கையும் புறங்கையால் தொடுங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு, பின்னைச் சுற்றிப் பழுப்புக் கறை, சர்ரென்ற சத்தம், கருகல் வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். சூடு போர்டில் என்றால் அதை மாற்றுங்கள். சுவர் சாக்கெட்டில் என்றால் புது போர்டு வாங்கிப் பயனில்லை, சாக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும்.