உதவித்தொகையைப் பாதியில் விடுகிறீர்களா? முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

உதவித்தொகையை இடையில் விட்டு விலகும்போது எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை உங்கள் கையிருப்பு தீர்மானிப்பதில்லை, பெரும்பாலும் விலகும் தேதிதான் தீர்மானிக்கிறது. மாதம் 1,000 வீதம் மூன்று மாதத்துக்கு 3,000 முன்கூட்டியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாதம் 15ஆம் தேதியோடு விலகினால், நாள் கணக்கில் பார்க்கும் இடங்களில் சுமார் 1,500 உங்களுடையது, மீதி உதவித்தொகை தந்தவர்களுடையது. முழு மாதமாகக் கணக்கிடும் இடங்களும் உண்டு. அதனால் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு, கடிதத்தை அப்புறம் அனுப்பலாம் என்று இருப்பதுதான் பெரிய தவறு. அதற்குள் அடுத்த தவணையும் வந்து விழும், திருப்ப வேண்டிய தொகையும் ஏறும்.

விலகும் தேதியை எழுதி அனுப்பி, பாக்கிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தரும் குறிப்பு எண் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். யார் அனுப்பியது என்று தெரியாமல் கிடக்கும். கல்லூரிக்கு நேரடியாகப் போன கட்டணத்தை நீங்களே கட்ட முன்வருவதற்கு முன், அதை யார் திருப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால், கெடு முடியும் முன்பே தவணை கேளுங்கள். கடைசியில் ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.