முதல் வரி தெரியும், தலைப்பு தெரியாது: பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பாலும் பல்லவியின் முதல் வரிதான் பாட்டின் பெயர். அதனால் பாட்டு ஆப்பைத் திறந்ததும் காதில் நிற்கும் வரியை அப்படியே தட்டிவிடுகிறோம், பாட்டும் வந்துவிடுகிறது. ஆனால் சில ஆல்பங்களில் பாட்டுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அது வரிகளில் எங்குமே வராது. சிக்கல் அங்கேதான் தொடங்கும். "கரை வந்த பிறகே பிடிக்குது கடலை" என்று தொடங்கும் பாட்டையே எடுத்துக்கொள்வோம். இதன் அதிகாரப்பூர்வத் தலைப்பில் கரையும் இல்லை, கடலும் இல்லை.

1. நிச்சயமாகக் காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள்

முழு வரியும் வேண்டாம், அடுத்தடுத்து வரும் மூன்று நான்கு சொற்கள் போதும். அன்பே, கண்ணே, உயிரே போன்றவை ஆயிரம் பாட்டில் இருப்பதால் அவற்றை மட்டும் வைத்துத் தேடினால் எங்கேயும் போய்ச் சேரமாட்டோம். சந்தேகமான சொல்லை விட்டுவிடுங்கள். நம் பாட்டில் அடுத்த வரி "நரை வந்த பிறகே" என்று அதே அச்சில் வருவதால் கரையையும் நரையையும் மாற்றி நினைவில் வைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே அந்தச் சொல்லைத் தவிர்த்து மீதியை எடுக்கலாம்.

2. மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்

ஆப்பில் அல்ல, கூகுளில்:

```
"வந்த பிறகே பிடிக்குது" பாடல் வரிகள்
```

மேற்கோள் குறி போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள்தான் வரவேண்டும். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்: ஒரு எழுத்து மாறினாலும், வரியை எழுதி ஏற்றியவர் "வந்தபிறகே" என்று சேர்த்து எழுதியிருந்தாலும், சரியான பக்கமே கண்ணில் படாமல் போகலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் பாட்டே இல்லை என்று முடிவு கட்டாமல் முதலில் குறியை நீக்கிவிட்டுத் தேடுங்கள்.

அப்படியும் கிடைக்கவில்லையா? ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள், ஏனென்றால் பாடல் வரிகளைத் தரும் பல தளங்கள் தமிழ்ப் பாடல்களை அப்படித்தான் ஏற்றியிருக்கின்றன. இங்கே மேற்கோள் குறி கூடவே கூடாது. "வந்த" என்பதை ஒருவர் vandha என்பார், இன்னொருவர் vantha என்பார், "பிறகே" என்பது pirage, piragae என்று ஆளுக்கொரு மாதிரி இருக்கும்.

```
vandha piragae pidikkuthu lyrics
```

3. வரிப் பக்கத்திலிருந்து பெயர்களை எடுங்கள்

வரிப் பக்கத்தில்தான் முதல் வரியும் தலைப்பும் ஒன்றாக இருக்கும், அதற்காகத்தான் இவ்வளவு சுற்று. நம் பாட்டுக்குக் கிடைப்பது இது: தலைப்பு The Life of Ram, படம் 96 (2018), இசை கோவிந்த் வசந்தா, பாடியவர் பிரதீப் குமார், வரிகள் கார்த்திக் நேத்தா. ராம் என்பது கதாநாயகனின் பெயர், அதை வைத்துத் தலைப்பு போட்டிருக்கிறார்கள். படம் பார்க்காதவருக்கு இது எப்படித் தோன்றும்?

4. இப்போது ஆப்புக்குப் போங்கள்

படத்தின் பெயரை மட்டும் தட்டாதீர்கள், இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். 96 என்று வெறும் எண்ணைத் தட்டினால் சம்பந்தமே இல்லாத எத்தனையோ வரும்.

```
96 govind vasantha
```

ஆல்பம் திறந்ததும் பட்டியலில் தலைப்பைத் தேடுங்கள். சில ஆப்கள் வரிகளை வைத்தும் தேட விடுகின்றன, ஆனால் அந்தப் பாட்டின் வரிகளை அவர்கள் ஏற்றி வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். தமிழ் வரிகளுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

5. போட்டுக் கேளுங்கள்

பாடகர் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். கவர், கரோக்கி, சுருக்கிய பதிப்பு எல்லாமே அதே தலைப்பில் இருக்கும். யூடியூபில் தேடும்போது இவற்றை இப்படிக் கழிக்கலாம்:

```
life of ram 96 -cover -karaoke
```

எல்லாம் செய்தும் வரி எங்கேயும் அகப்படவில்லை என்றால், நீங்கள் முதல் வரி என்று நினைப்பது தொகையறாவாக இருக்கலாம். தாளம் தொடங்குவதற்கு முன்னால் இழுத்துப் பாடும் அந்தப் பகுதியைச் சில தளங்கள் எழுதாமல் நேராகப் பல்லவிக்குப் போய்விடும். அப்போது தாளம் விழுந்த பிறகு வரும் வரியை நினைவுபடுத்தி, அதை வைத்து இரண்டாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.