இணைய அழைப்பில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? ரூட்டரின் ஏஎல்ஜியைக் கண்டுபிடித்து அணைக்கும் முறை

மணி அடிக்கிறது, எடுக்கிறோம், அழைப்பு இணைந்துவிட்டது என்று திரை காட்டுகிறது. நாம் பேசுவது அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர்கள் பேசுவது நமக்கு ஒரு சொல்கூட வருவதில்லை. அலுவலக எக்ஸ்டென்ஷனை வீட்டு வைஃபையில் லின்ஃபோன், ஜொய்ப்பர் போன்ற செயலியில் பயன்படுத்துகிறவர்களுக்கு அதிகம் வரும் கோளாறு இது. மைக்கையும் ஹெட்செட்டையும் மாற்றிப் பார்ப்பது வீண்வேலை. குரல் உங்கள் ரூட்டரின் வாசல்வரை வந்து, உள்ளே வர வழியில்லாமல் அங்கேயே கைவிடப்படுகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு அமைப்புதான். வீட்டில் செயலி, நடுவில் ரூட்டர், மறுமுனையில் அழைப்புகளை இணைத்துவிடும், பொது முகவரியுள்ள ஆஸ்டரிஸ்க் சர்வர். எக்ஸ்டென்ஷன் பதிவாகி, அழைப்பு இணையும் நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

குரல் ஏன் ஒரு பக்கம் மட்டும் போகிறது

இணைய அழைப்பில் இரண்டு போக்குவரத்துகள் உண்டு. அழைக்கிறேன், எடுத்துவிட்டேன், வைத்துவிட்டேன் என்ற செய்திகள் எஸ்ஐபி வழியாக, பெரும்பாலும் 5060ஆம் போர்ட்டில் போகும். குரல் அதில் போகாது. அது ஆர்டிபி என்ற தனிப் பாதையில், வேறு போர்ட்டில் போகும். அந்தப் பாதையின் முகவரியை எஸ்ஐபி செய்தியின் உள்ளே செயலியே எழுதி அனுப்புகிறது:

```
c=IN IP4 192.168.1.23
m=audio 40000 RTP/AVP 8 101
```

"எனக்கான குரலை 192.168.1.23 என்ற முகவரியில், 40000ஆம் போர்ட்டுக்கு அனுப்பு" என்று பொருள். அந்த முகவரி உங்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். ரூட்டரின் நேட், உறைமேல் உள்ள அனுப்புநர் முகவரியைப் பொது முகவரியாக மாற்றிவிடும். உறைக்குள் இருக்கும் கடிதத்தை, அதாவது எஸ்ஐபி செய்தியைத் தொடாது. சர்வர் கடிதத்தை நம்பி 192.168.1.23க்கு அனுப்பினால் அது எங்கும் போய்ச் சேராது. நீங்கள் அனுப்பும் குரலோ சர்வரின் பொது முகவரிக்குச் செல்வதால் ஒழுங்காகப் போய்விடுகிறது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.

இதற்கு இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று சர்வர் பக்கத்தில். கடிதத்தில் எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாமல், உங்கள் குரல் எந்த முகவரியிலிருந்து, எந்தப் போர்ட்டிலிருந்து வந்து சேர்கிறதோ அங்கேயே திருப்பி அனுப்புவது. இன்னொன்று ரூட்டர் பக்கத்தில். அதுதான் ஏஎல்ஜி, அப்ளிகேஷன் லேயர் கேட்வே. 5060இல் போகும் கடிதத்தை ரூட்டரே பிரித்து, 192.168.1.23 என்ற இடத்தில் பொது முகவரியை எழுதி, வரப்போகும் குரலுக்கு ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கும்.

சொல்லும்போது ஏஎல்ஜி நல்ல யோசனைதான். வீட்டு ரூட்டர்களில் அது எழுதப்பட்டிருக்கும் தரம்தான் சிக்கல். கடிதத்தின் ஓர் இடத்தில் முகவரியை மாற்றி இன்னோர் இடத்தில் விட்டுவிடும். முதல் செய்தியை மாற்றிவிட்டு, ஹோல்டு போட்டு எடுக்கும்போது போகும் செய்தியை மறந்துவிடும். செய்தி பெரிதாகி இரண்டு பாக்கெட்டாக உடைந்தால் இரண்டாவதைப் படிக்கத் தெரியாது. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. வாடிக்கையாளர் நேட்டுக்குப் பின்னால் இருக்கிறாரா என்பதைப் பல சர்வர்கள் கடிதத்தில் உள்ள, 192.168 போன்று வீட்டுக்குள் மட்டும் செல்லும் தனி முகவரியைப் பார்த்துத்தான் ஊகிக்கின்றன. ஏஎல்ஜி அந்தத் தடயத்தை அழித்துவிடுவதால், சர்வர் தன் மருந்தைக் கொடுக்காமலே விட்டுவிடுகிறது.

முதலில் செயலியில் ஸ்டன்னை அணையுங்கள்

சோதிக்கும் முன் செயலியின் நெட்வொர்க் அமைப்பில் `STUN`, `ICE` இரண்டையும் அணையுங்கள். ஸ்டன் இருந்தால் செயலியே பொது முகவரியைக் கேட்டறிந்து கடிதத்தில் எழுதிவிடும். பிறகு மாற்றியது ஏஎல்ஜியா, செயலியா என்று பிரித்தறிய முடியாது. இதைத் தவறவிட்டால் அடுத்த படியில் பார்ப்பது எதுவும் சான்றாகாது.

ஏஎல்ஜி இயங்குகிறதா என்று பார்ப்பது

செயலியின் லாகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரும்பி வரும் செய்தியில் ஏஎல்ஜி பழைய முகவரியைத் திரும்ப எழுதிவிடுவதால், வீட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். சர்வருக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சர்வர் உங்களுடையது என்றால்:

```
sudo sngrep -d any port 5060
```

புதியவர்களுக்கு வயர்ஷார்க்கைவிட `sngrep` நல்லது. ஒவ்வோர் அழைப்பையும் தனி வரியாகக் காட்டும், என்டர் தட்டினால் செய்திகள் வரிசையாக விரியும். சர்வர் உங்களுடையது இல்லை என்றால், அழைப்பைத் தொடங்க வந்து சேர்ந்த `INVITE` செய்தியைச் சர்வரை நடத்துகிறவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அதில் `Via`, `Contact`, `c=` என்ற மூன்று இடங்களைப் பாருங்கள். மூன்றிலும் 192.168.1.23 அப்படியே இருந்தால் ஏஎல்ஜி கை வைக்கவில்லை. செயலி 192.168 என்று எழுதியனுப்பியும் இங்கே பொது முகவரி தெரிந்தால், வழியில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். சிலவற்றில் மாறி, சிலவற்றில் மாறாமல் இருந்தால் அரைகுறை ஏஎல்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குரலைப் பாருங்கள். உங்கள் பொது முகவரி 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண் இது):

```
sudo tcpdump -n -i any udp and host 203.0.113.45
```

ஜி.711 கோடெக்கில் பொதுவாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு பக்கத்துக்கு வினாடிக்கு 50. இரு திசையிலும் வரிகள் ஓடும். போர்ட் எண்களை ஒப்பிடுங்கள். உங்கள் குரல் 203.0.113.45இன் 51872இலிருந்து வருகிறது, சர்வரோ 203.0.113.45இன் 40000க்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றால் நோய் பிடிபட்டுவிட்டது. ஏஎல்ஜி கடிதத்தில் 40000 என்று எழுதியது. நேட் உண்மையில் கொடுத்தது 51872. 40000இல் யாரும் இல்லாததால் ரூட்டர் குரலைக் கீழே போடுகிறது.

அணைப்பது

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் `NAT`, `Security`, `WAN` என்ற தலைப்புகளில் ஒன்றின் கீழ் இது இருக்கும். ஆசஸில் `WAN` பகுதியில் `NAT Passthrough` பக்கம் போய் `SIP Passthrough` என்பதை `Disable` ஆக்க வேண்டும். நெட்கியரில் கவனம் தேவை. `WAN Setup` பக்கத்தில் உள்ள பெட்டியின் பெயரே `Disable SIP ALG`. அதில் டிக் போட்டால்தான் அணையும். மைக்ரோடிக்கில் ஒரே வரி:

```
/ip firewall service-port disable sip
```

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்ததுதான். அணைத்துவிட்டு உடனே அழைத்துப் பார்ப்பார்கள், மாற்றம் இருக்காது, "ஏஎல்ஜி காரணம் இல்லை" என்று திரும்ப இயக்கிவிடுவார்கள். ரூட்டர் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பதிவு வைத்திருக்கிறது. இணைப்பு தொடங்கியபோது ஒட்டிக்கொண்ட ஏஎல்ஜி, அந்தப் பதிவு அழியும்வரை கூடவே இருக்கக்கூடும். சும்மா விட்டால் யூடிபி பதிவு சில நிமிடங்களில் காலாவதியாகும். ஆனால் செயலி 15 அல்லது 30 வினாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால் அது காலாவதியாவதே இல்லை. எனவே அமைப்பைச் சேமித்து, ரூட்டரையே அணைத்து இயக்குங்கள். அது முடியாவிட்டால் செயலியை முழுமையாக மூடி ஐந்து நிமிடம் விட்டுத் திறங்கள். பிறகு `sngrep`இல் `Via` வரியை மீண்டும் பாருங்கள். 192.168 தெரிந்தால்தான் அணைந்ததாகக் கணக்கு.

சர்வருக்குச் சொல்ல வேண்டியது

ஏஎல்ஜியை அணைத்தபின் கடிதத்தில் தனி முகவரிதான் வரும். அதை நம்பாதே என்று சர்வருக்குச் சொல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்புவோம். ஆஸ்டரிஸ்கின் `pjsip.conf` கோப்பில்:

```
[1001]
type=endpoint
direct_media=no
rtp_symmetric=yes
force_rport=yes
rewrite_contact=yes
```

`rtp_symmetric` தான் குரலை வந்த வழியே திருப்பி அனுப்பும். `direct_media=no` இல்லாவிட்டால், இணைந்தபின் சர்வர் விலகிக்கொண்டு இரு முனைகளையும் நேரடியாகப் பேசவிடப் பார்க்கும். முதல் சில நொடி கேட்டுவிட்டுப் பிறகு மௌனமாகும் அழைப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம். எண்டுபாயிண்டுக்கு ஏற்கெனவே இருக்கும் மற்ற வரிகளை அப்படியே விடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. செயலி முதலில் ஒரு பாக்கெட்டாவது அனுப்பினால்தான் சர்வருக்கு வழி தெரியும். மௌனத்தின்போது பாக்கெட் அனுப்பாத `VAD` வசதி செயலியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் என்றால் *43 அழைத்துப் பேசுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே எதிரொலித்தால் இரு திசையும் சரி.

5060ஐ வீட்டுச் செயலிக்கு போர்ட் ஃபார்வேர்டு செய்யச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். செய்யாதீர்கள். அந்தப் போர்ட்டைத் தேடி அலையும் ஸ்கேனர்கள் ஏராளம். நள்ளிரவில் யாருமில்லாத அழைப்புகள் வரத் தொடங்கும். இந்தக் கோளாறுக்கு அது தேவையும் இல்லை.

ரூட்டரில் அணைக்கும் வசதியே இல்லை என்றால்

இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் அந்தப் பக்கமே மறைக்கப்பட்டிருக்கும். அப்போது கடிதத்தைப் பூட்டி அனுப்புங்கள். செயலியிலும் சர்வரிலும் போக்குவரத்தை டிஎல்எஸ்ஸாக, 5061ஆம் போர்ட்டுக்கு மாற்றினால் ஏஎல்ஜியால் படிக்கவே முடியாது. படிக்க முடியாததைத் திருத்தவும் முடியாது. என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். சான்றிதழ் அமைப்பது இப்போதைக்கு இயலாது என்றால், சர்வரை 5080 போன்ற வேறு யூடிபி போர்ட்டிலும் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஏஎல்ஜிகள் 5060ஐ மட்டுமே பார்க்கின்றன.

பின்சேர்க்கை: 100இல் தொடங்கும் முகவரி

மேலே சொன்னது எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்று எழுதிய சிலரின் `INVITE`ஐப் பார்த்தால் `c=` வரியில் 100.72.13.8 போன்ற முகவரி இருந்தது. 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்கள் பொது முகவரி அல்ல. இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க 2012இல் ஒதுக்கப்பட்டவை. இந்திய வீட்டு இணைப்புகளில் இது மிகச் சாதாரணம். ஏஎல்ஜி தன் வெளிமுகத்தில் உள்ள எண்ணைப் பொது முகவரி என்று நினைத்துக் கடிதத்தில் எழுதிவிடுகிறது. 10, 172.16, 192.168 என்ற பழைய மூன்று வரம்புகளை மட்டும் தனி முகவரியாகக் கருதும் சர்வரும் அதை நம்பிவிடுகிறது. இங்கே ஏஎல்ஜி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வேலை செய்யாது. `sngrep`இல் இந்த எண் தெரிந்தால் ஏஎல்ஜி இன்னும் இயங்குகிறது என்றே பொருள். அணைத்தபின் ரூட்டரை அணைத்து இயக்கினீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் நேரே 5061க்குப் போய்விடுங்கள்.

இரு பக்கமும் கேட்டு, சரியாக 32 வினாடியில் அழைப்பு அறுந்தால் அது குரல் பாதையின் கோளாறு அல்ல. எடுத்ததற்கான ஒப்புகைச் செய்தி, அதாவது `ACK`, போய்ச் சேராததால் மறுமுனை 32 வினாடி காத்திருந்து முடித்துக்கொள்கிறது. `Contact` வரியில் தவறான முகவரி இருப்பதே பெரும்பாலும் காரணம். மேலே உள்ள `rewrite_contact=yes` வீட்டுச் செயலியின் பக்கத்தைச் சரிசெய்யும். சர்வரே கிளவுடில் தனி முகவரியோடு இருந்தால் அதன் டிரான்ஸ்போர்ட் பகுதியில் `external_signaling_address`, `external_media_address`, `local_net` மூன்றையும் நிரப்ப வேண்டும்.