ரத்து மனுவை மேல்முறையீடாக எழுதாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேல்முறையீட்டு மனு எழுதிப் பழகிய எந்த வழக்கறிஞருக்கும் முதல் காரணத்தைக் கை தானாகவே எழுதிவிடும்: "கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும், சாட்சியங்களின் எடைக்கும், வழக்கின் நிகழ்தகவுகளுக்கும் முரணானது." சார்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்த வாக்கியம் சரியானதே. முதல் மேல்முறையீட்டில் சாட்சியம், சட்டம் இரண்டையும் மேல் நீதிமன்றம் புதிதாக எடைபோடலாம்.

புதுச்சேரியில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர், மாதிரி நீதிமன்றப் போட்டிக்காகத் தயாரித்த மனுவைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினார். வெளிநாட்டு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நடுவர்கள் தந்த தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு அது. மொத்தம் பதினான்கு காரணங்கள். முதல் காரணம் அதே வாக்கியம்தான். மனு தோற்க அந்த ஒன்றே போதும் என்றேன். "நடுவர்கள் சட்டத்தையே தவறாகப் படித்திருக்கிறார்களே சார், அது போதாதா?" என்று கேட்டார். போதாது. ஏன் என்பதைச் சொல்ல உலகமே படிக்கும் ஒரு வழக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் சிஎம்எஸ் நிறுவனம் அர்ஜென்டினாவின் எரிவாயுக் குழாய் நிறுவனம் ஒன்றில் ஏறத்தாழ 30 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. கட்டணம் டாலரில் கணக்கிடப்படும், அமெரிக்க விலைக் குறியீட்டின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரும் என்பது ஏற்பாடு. பொருளாதார நெருக்கடியில் அர்ஜென்டினா முதலில் அந்த உயர்வை நிறுத்தியது. 2002 ஜனவரியில் டாலர் கணக்கையே ஒழித்து, ஒரு டாலருக்கு ஒரு பெசோ என மாற்றியது. பெசோவின் மதிப்போ சரிந்துகொண்டிருந்தது. நிறுவனம் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையமான இக்சிட்டுக்குப் போனது. 2005 மே மாதம் நடுவர் தீர்ப்பாயம் 13.32 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

இக்சிட்டை உருவாக்கிய 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 53ஆவது பிரிவு, மேல்முறையீடு கிடையாது என்று நேராகவே சொல்கிறது. 52ஆவது பிரிவு ரத்து கோர ஐந்து காரணங்களை மட்டும் தருகிறது: தீர்ப்பாயம் முறைப்படி அமைக்கப்படாதது, அதிகார வரம்பை வெளிப்படையாக மீறியது, நடுவர் ஒருவரின் ஊழல், அடிப்படை நடைமுறை விதியிலிருந்து கடுமையாக விலகியது, தீர்ப்புக்குக் காரணம் கூறாதது. இந்த ஐந்தில் "தவறான தீர்ப்பு" என்பது இல்லை. இதை விசாரிப்பது நிலையான மேல் நீதிமன்றமும் அல்ல. ஒவ்வொரு மனுவுக்கும் தனியாக மூவர் குழு நியமிக்கப்படும்.

சிஎம்எஸ் தீர்ப்பை எதிர்த்து அர்ஜென்டினா ரத்து கோரியது. அமெரிக்காவுடன் அது செய்த முதலீட்டு ஒப்பந்தத்தின் 11ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் அடிப்படைப் பாதுகாப்பு நலனுக்கும் தேவையான நடவடிக்கைகளை ஒப்பந்தம் தடுக்காது என்கிறது. இது பொருந்தினால் மீறலே நிகழவில்லை என்று பொருள். வழக்காற்றுச் சர்வதேசச் சட்டத்தில் உள்ள "நிர்ப்பந்த நிலை" வேறு. அங்கே மீறல் நிகழ்ந்திருக்கும். அதற்கு ஒரு மன்னிப்புக் காரணம் கிடைக்கும், அதன் நிபந்தனைகளும் மிகக் கடுமையானவை. தீர்ப்பாயம் இரண்டையும் ஒன்றாகக் கருதி, கடுமையான அளவுகோலைக் கொண்டே அர்ஜென்டினாவின் வாதத்தைத் தள்ளிவிட்டது.

ரத்துக் குழுவுக்குத் தலைவர் சர்வதேச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் கில்பர்ட் கியோம். இது வெளிப்படையான சட்டத் தவறு என்று 2007 செப்டம்பரில் அந்தக் குழு ஒளிவுமறைவின்றி எழுதியது. தாங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்தால் இந்தக் காரணத்துக்காகவே தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. ஆனால் அந்தப் பகுதியை ரத்து செய்யவில்லை. தீர்ப்பாயம் 11ஆவது பிரிவைப் பயன்படுத்தியது, குறைபாட்டோடுதான் என்றாலும் பயன்படுத்தியது. ஆகவே அதிகார வரம்பை மீறவில்லை என்பதே அதன் முடிவு. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மனு எழுதுபவர் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். வெளிப்படையான தவறு வேறு, வெளிப்படையான வரம்பு மீறல் வேறு. பொருந்த வேண்டிய சட்டத்தைத் தொடவே இல்லை என்றால் அது வரம்பு மீறல் ஆகலாம். தொட்டு, தவறாகப் பொருள் கொண்டார்கள் என்றால் பொதுவாக ஆகாது. உங்கள் காரணத்தில் "தவறாகப் பொருள் கொண்டது", "சரியாக மதிப்பிடவில்லை" என்ற சொற்கள் வந்தால், எழுதுவது மேல்முறையீடு என்று அறிந்துகொள்ளுங்கள். எந்த விதியை, எந்தப் பத்தியில், எப்படிப் புறக்கணித்தார்கள் என்று காட்ட முடிகிறதா என்று பாருங்கள். கோடு எப்போதும் ஒரே இடத்தில் விழும் என்றும் நம்ப முடியாது. அதே ஒப்பந்தம், அதே 11ஆவது பிரிவு, ஏறத்தாழ அதே தர்க்கம் கொண்ட, அர்ஜென்டினா மீதே தொடுக்கப்பட்ட செம்ப்ரா வழக்கில் வேறொரு குழு, அந்தப் பிரிவு பயன்படுத்தப்படவே இல்லை என்று கண்டு 2010இல் முழுத் தீர்ப்பையும் ரத்து செய்தது. ஒரே நாட்டுக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த இரண்டாவது முடிவை மட்டும் மேற்கோள் காட்டி மனு எழுதுவது ஆபத்து.

இன்னொரு தவறு, ஒரு பகுதி ரத்தானால் தொகையும் போய்விடும் என்று எண்ணுவது. சிஎம்எஸ் வழக்கில் ஒரு பகுதி ரத்தானது உண்மை. குழாய் நிறுவனத்துக்குத் தரப்பட்ட உரிமத்தின் கடமைகள் அர்ஜென்டினாவுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலானவை. வெறும் பங்குதாரரான சிஎம்எஸ் அவற்றை எப்படிக் கோரலாம் என்பதற்குத் தீர்ப்பில் காரணமே இல்லை என்று குழு கண்டது. ஆனால் நேர்மையாகவும் சமமாகவும் நடத்தவில்லை என்ற இன்னொரு மீறலின் மீதும் அதே இழப்பீடு நின்றுகொண்டிருந்தது. ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. தொகையைத் தாங்கும் தூண்கள் எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும்.

முழு ரத்து கிடைத்தாலும் அது வெற்றித் தீர்ப்பு ஆகாது. ரத்துக் குழு தன் தீர்ப்பை அந்த இடத்தில் எழுத முடியாது. கரும்பலகையை அழிப்பதோடு அதன் வேலை முடிகிறது. எதிர்த்தரப்பு விரும்பினால் புதிய தீர்ப்பாயத்திடம் போகலாம். பிரெஞ்சு நிறுவனமான விவெண்டியின் வழக்கில் அதுதான் நடந்தது. 2002இல் பகுதி ரத்து, பிறகு புதிய தீர்ப்பாயம், 2007இல் 10.5 கோடி டாலர் இழப்பீடு. "இழப்பீட்டைக் குறைத்துத் தர வேண்டும்" என்று ரத்து மனுவில் கேட்பது, கொடுக்க முடியாதவரிடம் கேட்பதாகும். மாணவியின் மனுவில் அந்தக் கோரிக்கையும் இருந்தது. காலக்கெடுவும் கவனிக்கத்தக்கது: தீர்ப்பு நாளிலிருந்து 120 நாட்கள், ஊழல் காரணத்துக்கு மட்டும் அது தெரியவந்த நாளிலிருந்து 120 நாட்கள்.

நம் ஊரில் அடிக்கடி காணும் குழப்பம் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தியா இக்சிட் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே 52ஆவது பிரிவும் மூவர் குழுவும் நமக்கு எதிரான தீர்ப்புகளுக்குப் பொருந்தா. ஒரகடம் ஆலைக்குத் தமிழக அரசு தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகை வரவில்லை என்று நிஸான் நிறுவனம் இந்திய அரசு மீது தொடுத்து, பின்னர் சமரசத்தில் முடிந்த வழக்கும் அந்த வழியில் வந்ததல்ல. இத்தகைய வழக்குகளில் நடுவர் அமர்வுக்கென எந்த நாடு இருக்கையாகக் குறிக்கப்பட்டதோ, அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் ரத்து கோர வேண்டும். 2020இல் வோடஃபோன் வரி வழக்கில் இந்தியாவுக்கு எதிராக நடுவர் தீர்ப்பு வந்ததும் இந்திய அரசு சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது இதனால்தான். நடுவர்களுக்கு வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இருந்ததா என்ற கேள்வியைச் சிங்கப்பூர் நீதிமன்றம் தானே புதிதாகப் பார்க்கும். ஆனால் சாட்சியங்களின் எடையை அங்கேயும் யாரும் மறுபடி தராசில் வைக்க மாட்டார்கள்.

மாணவி மறுவாரம் மனுவைத் திருத்திக் கொண்டுவந்தார். பதினான்கு காரணங்கள் இரண்டாகச் சுருங்கியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தீர்ப்பின் பத்தி எண்கள் இருந்தன.