பழைய சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டால் சுகர் குறையுமா?

வடித்த சோற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் சுகர் ஏறாது என்று மதினி சொன்னார். நானும் வீட்டு மீட்டரில் பார்த்தேன். முதல் தடவை ஏமாற்றம்தான்: சுடுசோற்றுக்கு 204, பழசுக்கு 209.

தப்பு என்னுடையது. ஆறிய சோற்றில் கொஞ்சம் ஈரம் போய்விடும். அதே 150 கிராம் எடுத்தால் அரிசி கூடுதலாக உள்ளே போகிறது. அப்புறம் வடித்ததுமே சூட்டோடு இரண்டு சம பங்காக எடைபோட்டுப் பிரித்தேன். ஒன்றை அன்றே சாப்பிட்டேன். மற்றதை அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில், அதே அளவு சாம்பாரோடு சாப்பிட்டேன். மூன்று வாரம், வாரம் ஒருமுறை. இரண்டு மணி நேரத்தில் சுடுசோற்றுக்குச் சராசரி 206, ஆறவைத்ததற்கு 189.

சோறு குளிரும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரிக்காத மாவாகிறது. திரும்பச் சூடாக்கினாலும் அது முழுதாகக் கலைவதில்லை. ஆனால் 100 கிராம் சோற்றில் அது ஒன்றிரண்டு கிராம்தான். மீதி வழக்கம்போல் சர்க்கரையாகிறது. மீட்டரே பத்து, பதினைந்து சதவீதம் முன்பின் காட்டும் என்பதால் 17 வித்தியாசத்தை நான் பெரிதாக நம்பவில்லை. ஒரு கரண்டி சோறு குறைத்த அன்று இதைவிட நன்றாக இறங்கியது.

மதுரை வெயிலில் சோற்றை ராத்திரி முழுக்க வெளியே விடாதீர்கள். அதில் வளரும் கிருமியின் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. இன்சுலின் போடுபவர்கள் இதை நம்பி அளவை மாற்ற வேண்டாம்.